18 லட்சம் சம்பளம், பழசா புதுசா? பேசிக்ல பத்து பர்சென்ட் கழிக்கணுமா வேணாமா சண்டை

மாசக்கடைசி:
சென்னைல வேலை. 2025-26க்கு மொத்த சம்பளம் 18 லட்சம், கம்பெனி போடுற பிஎஃப் இதுல சேராது. பேசிக் 7,20,000, எச்ஆர்ஏ 3,60,000. வாடகை மாசம் 25,000. திருச்சில லோன் போட்டு கட்டுன வீட்ல அப்பா அம்மா இருக்காங்க, இந்த வருஷ வட்டி 2 லட்சத்துக்கு மேல, அசல் 70,000 போகுது. மெடிக்கல் பாலிசி 25,000. என்பிஎஸ் இன்னும் போடல. பழைய ரெஜிமா புதுசா, எதுல டாக்ஸ் கம்மி?

பழைய_பஞ்சாங்கம்:
தம்பி கண்ணை மூடிக்கிட்டு பழசு போடுங்க. வாடகை 3 லட்சம், வீட்டு வட்டி 2 லட்சம், 80சி ஒன்றரை, மெடிக்கல் 25,000, என்பிஎஸ்ல ஒரு 50,000 போட்டுடுங்க, ஸ்டாண்டர்டு 50,000. எல்லாம் கழிச்சா 10,25,000 தான் நிக்கும், டாக்ஸ் செஸ்ஸோட 1,24,800. புதுசுல 1,50,800. முழுசா 26,000 மிச்சம். புதுசு புதுசுன்னு கூவுறவன் எவனும் பேப்பர் பென்சில் எடுத்து கணக்கு போட்டவன் இல்ல.

கணக்குப்புலி:
பேப்பர் பென்சில் எடுத்தேன் அண்ணே. புதுசுக்கு நீங்க சொன்ன 1,50,800 சரி. பழசுல வாடகை 3 லட்சம் முழுசா எப்படி கழியும்? கட்டுன வாடகைல இருந்து பேசிக்ல பத்து பர்சென்ட் கழிக்கணும். அவரு பேசிக் 7,20,000, அதுல பத்து பர்சென்ட் 72,000, ஆக 2,28,000 தான் கிடைக்கும். அந்த 72,000க்கு 30 பர்சென்ட் ரேட்ல செஸ்ஸோட 22,464 ரூபா டாக்ஸ். உங்க 26,000ல அது போனா மிச்சம் 3,536. ஒருத்தர் வருஷ முடிவு எடுக்குற இடத்துல வாய்க்கு வந்தத சொல்லாதீங்க.

பழைய_பஞ்சாங்கம்:
சென்னை மெட்ரோ தம்பி. மெட்ரோல பேசிக்ல 50 பர்சென்ட் வரைக்கும் எச்ஆர்ஏ உண்டு. பாதி 3,60,000, வாடகை 3,00,000, லிமிட்டுக்குள்ள தான இருக்கு. பத்து பர்சென்ட் எங்கேந்து வந்துச்சு? 2008லேந்து ரிட்டர்ன் போடுறேன், எனக்கு எவனும் கழிச்சதில்ல.

கணக்குப்புலி:
50 பர்சென்ட்ங்கிறது மூணு கணக்குல ஒண்ணு. கைக்கு வந்த எச்ஆர்ஏ 3,60,000, பேசிக்ல பாதி 3,60,000, வாடகைல பத்து பர்சென்ட் பேசிக் போக 2,28,000. இந்த மூணுல எது கம்மியோ அதான் விலக்கு. உங்களுக்கு கழிக்கலன்னா உங்க ஃபார்ம் 16 எடுத்து பார்ட் பில 10(13ஏ)ன்னு ஒரு வரி இருக்கும், அதுல என்ன நம்பர்னு பாருங்க. ஆஃபீஸ்ல குடுத்த ரசீதோட தொகையும் அந்த நம்பரும் ஒண்ணா இருக்காது. ரசீது குடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கும், கிடைச்சது என்னன்னு யாரும் பாக்குறதில்ல.

ஓரமா_ஒருத்தன்:
ஏங்க இவ்ளோ சண்டை? புதுசுல 12 லட்சம் வரைக்கும் டாக்ஸ் இல்லன்னு பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க. புதுசுல ஸ்டாண்டர்டு 75,000 கழிச்சா 17,25,000, அதுல 12 போக 5,25,000க்கு கட்டுனா போதும். எப்படி பாத்தாலும் புதுசு தான்.

கணக்குப்புலி:
இன்னொருத்தர். 12 லட்சம் ஃப்ரீங்கிறது ரிபேட், டாக்ஸபிள் வருமானம் 12 லட்சத்த தாண்டாதவங்களுக்கு. ஒரேயடியா தாண்டிட்டா ரிபேட் போச்சு, 4 லட்சத்துலேந்து ஸ்லாப் ஆரம்பிக்கும். 4லேந்து 8 வரை 20,000, 8லேந்து 12 வரை 40,000, 12லேந்து 16 வரை 60,000, மேல இருக்குற 1,25,000க்கு 20 பர்சென்ட் 25,000. ஆக 1,45,000, செஸ் சேத்து 1,50,800.

ஓரமா_ஒருத்தன்:
அப்போ 12,75,000 சம்பளத்துல ஒரு பத்தாயிரம் ஏறினா 60,000 தண்டமா? இன்க்ரிமென்ட் வேணாம்னு எழுதிக் குடுத்துரலாம் போல.

கணக்குப்புலி:
அப்படியும் இல்ல. 12,85,000 சம்பளம்னா டாக்ஸபிள் 12,10,000. ஸ்லாப்படி 61,500 வரும், ஆனா 12க்கு மேல சம்பாதிச்சதே 10,000 தான், அதனால டாக்ஸ் 10,000த்தோட நிறுத்திருவாங்க, செஸ்ஸோட 10,400. 18 லட்சக்காரருக்கு இதெல்லாம் சம்பந்தமே இல்ல, தயவுசெஞ்சு தனியா கேளுங்க.

சாக்பீஸ்_டீச்சர்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்கு பேசிக்கோட டிஏவும் இருக்கு. எனக்கும் பத்து பர்சென்ட் பேசிக்ல மட்டும் தானா? எங்க ஸ்கூல்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கணக்குப்புலி:
உங்களுக்கு பேசிக்கும் டிஏவும் சேத்து பத்து பர்சென்ட் மேடம். ஆனா அந்தக் கணக்கு உங்களுக்கு பெரும்பாலும் தேவைப்படாது, அரசு குடுக்குற எச்ஆர்ஏவே சின்ன தொகை, மூணுல அதான் கம்மியா நிக்கும். வாடகை எவ்ளோ கட்டுனாலும் வந்த எச்ஆர்ஏக்கு மேல விலக்கு கிடையாது.

பழைய_பஞ்சாங்கம்:
பாத்தீங்களா, டீச்சருக்கு பத்து பர்சென்ட் தேவைப்படாதாம், தம்பிக்கு மட்டும் கழிக்கணுமாம். ஆளப் பாத்து சட்டமா? உங்கள மாதிரி ஆளுங்க தான் எக்செல் ஷீட்ட வச்சுக்கிட்டு ஊர மிரட்டுறது.

கணக்குப்புலி:
மூணுல எது கம்மி. மூணுல எது கம்மி. மூணுல எது கம்மி. டீச்சருக்கு முதல் கணக்கு கம்மி, மாசக்கடைசிக்கு மூணாவது கம்மி. இதுக்கு மேல எளிமையா எனக்கு சொல்லத் தெரியாது. நீங்க போன வருஷமும் இதே மாதிரி ஒருத்தர பழசுல தள்ளி விட்டீங்க, அவரு வந்து திட்டிட்டுப் போனது எனக்கு மறக்கல.

பழைய_பஞ்சாங்கம்:
அவரு ரசீது குடுக்காம விட்டாரு, அது என் தப்பா? சரி உன் கணக்குப்படியே 3,536 மிச்சம்னு நீயே ஒத்துக்கிட்ட. அப்போ பழசு தான ஜெயிக்குது. இதுக்கு தான் இவ்ளோ குதிச்சியா?

கணக்குப்புலி:
அங்க தான் அடுத்த ஓட்டை. அந்த 3,536 வரணும்னா அவரு இன்னும் போடாத 50,000 என்பிஎஸ்ஸ போட்டாகணும். போடலன்னா பழசுல 11,47,000 நிக்கும், டாக்ஸ் 1,62,864. புதுசுல 1,50,800. புதுசு 12,064 கம்மி. இப்போ எது ஜெயிக்குது?

பழைய_பஞ்சாங்கம்:
போடச் சொல்லி தான் முதல்லயே சொன்னேன்! 50,000 போட்டா 15,600 டாக்ஸ் குறையுது, 31 பர்சென்ட் கையில. எந்த பேங்க் தரும்?

கணக்குப்புலி:
15,600 பழசோட பழச ஒப்பிட்டா. புதுசு கையில இருக்கும்போது அதோட ஒப்பிடணும். 50,000 என்பிஎஸ்ல போட்டு பழசுல நின்னா கிடைக்கிறது 3,536. அதுக்காக பெரும்பகுதி ரொம்ப வருஷத்துக்கு பூட்டி வைக்கிற பணம். ரிட்டயர்மென்டுக்கு எப்படியும் சேக்கப் போறேன்னா போடட்டும், தப்பில்ல. டாக்ஸ் மிச்சத்துக்காகன்னு சொல்லாதீங்க. அப்புறம் 80சிக்கு எல்ஐசி எடுன்னு கிளம்பிருவீங்கன்னு இப்பவே சொல்றேன், அவரு பிஎஃப் 12 பர்சென்ட்லயே 86,400, வீட்டு லோன் அசல் 70,000, ஒன்றரை லட்சம் தானா நிரம்பிருச்சு. புதுசா ஒரு பாலிசியும் வேணாம்.

பழைய_பஞ்சாங்கம்:
நான் எப்பய்யா எல்ஐசி பத்தி பேசுனேன்? நான் ஏஜென்ட்டுன்னு மறைமுகமா சொல்றியா?

கணக்குப்புலி:
நான் சொல்லல, நீங்க தான் சொல்றீங்க.

வடபழனி_வாசி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. கேட்டவரு அப்பா அம்மா வயசு சொல்லல. ஒருத்தராவது 60 தாண்டி, அவங்க பாலிசி பிரீமியத்த இவரு கட்டுனா இன்னொரு 50,000 வரைக்கும் கழிக்கலாம். பாலிசியே இல்லன்னாலும் அவங்க ஆஸ்பத்திரி, மருந்து செலவ காசா இல்லாம பேங்க் வழியா கட்டியிருந்தா அதையும் காட்டலாம். அது முழுசா வந்தா என்பிஎஸ் போடாமலே பழசு 1,47,264க்கு வந்துரும். நான் அப்பா செலவ அப்படித்தான் காட்டுறேன். அப்புறம் எனக்கு ஒரு டவுட்டு, சொந்த வீட்டு வட்டியும் எச்ஆர்ஏவும் ரெண்டும் ஒண்ணா எடுக்கலாமா? எங்க ஆஃபீஸ்ல ஒத்துக்கல.

கணக்குப்புலி:
எடுக்கலாம். வீடு திருச்சில, வேலை சென்னைல, வாடகை நிஜமா போகுது. வீட்ட வாடகைக்கு விடல, அதனால வட்டி 2 லட்சத்தோட நிக்கும். பெத்தவங்க வயசு நல்ல பாயிண்ட், நானும் கேக்கணும்னு தான் இருந்தேன்.

பழைய_பஞ்சாங்கம்:
கேக்கணும்னு இருந்தாராம்! இவ்ளோ நேரம் 72,000, 72,000ன்னு ஜபம் பண்ணிட்டு இப்போ நானும் இருந்தேன்னு. கடைசில பழசு தான் ஜெயிக்குது, நான் முதல் வரில சொன்னது.

கணக்குப்புலி:
நீங்க முதல் வரில சொன்னது 26,000. அதுக்கு ஒரு மரியாதையும் கிடையாது, பத்து பர்சென்ட் கழிக்காத கணக்கு. வயசு தெரியாம யாரும் ஜெயிக்கல.

மாசக்கடைசி:
அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 54. பாலிசி அப்பா ஆஃபீஸ்லயே இருக்கு, நான் கட்டுறதில்ல. இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், ஹவுஸ் ஓனர் பான் நம்பர் தர மாட்டேங்கிறார். அது பிரச்சனையா?

வடபழனி_வாசி:
போச்சு.

கணக்குப்புலி:
இத முதல்ல சொல்லியிருக்கணும் தம்பி. வருஷ வாடகை ஒரு லட்சத்த தாண்டுனா ஓனர் பான் இல்லாம ஆஃபீஸ்ல எச்ஆர்ஏ எடுத்துக்க மாட்டாங்க. அந்த 2,28,000 போனா பழசுல 71,136 கூடுதலா பிடிப்பாங்க. ஆஃபீஸ்ல புதுசுன்னே குடுத்துருங்க. சம்பளக்காரங்களுக்கு ரிட்டர்ன்ல மாத்திக்க வழி இருக்கு, ஆனா கெடு தேதிக்குள்ள போட்டாகணும். லேட்டா போட்டா பழசு கிடைக்காது. அதுக்குள்ள வாடகைய பேங்க்லயே அனுப்புங்க, அக்ரிமென்ட் வச்சுக்கோங்க, நோட்டீஸ் வந்தா அத தான் காட்டணும்.

பழைய_பஞ்சாங்கம்:
ஓனர் கிட்ட பான் வாங்கத் தெரியாதவனுக்கு என்ன ரெஜிம் வேண்டிக் கிடக்கு. பான் வாங்குங்க, 3 லட்சமும் கழிங்க. என் ஃபார்ம் 16 பீரோல இருக்கு, எடுத்துப் பாத்துட்டு வந்து இந்த புலிக்கு காட்டுறேன்.

கணக்குப்புலி:
10(13ஏ) வரிய மட்டும் படிங்க அண்ணே. பக்கத்துல உங்க பேசிக்கும் எழுதி வைங்க.

சாக்பீஸ்_டீச்சர்:
அப்போ எங்க டிஏல வர்ற அரியர்? அது எந்த வருஷ டிஏ கணக்குல வரும்? யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க.