கையெழுத்துப் போட்டு வாங்கிய பார்சல், உள்ளே உடைந்த ஆம்ப்ளிஃபையர்: கூரியருக்குப் புகார் எழுத உதவி தேவை

வால்யூம்_குமிழ்:
பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். 14 கிலோ எடை. அவர் கூரியரில் அனுப்பினார், திங்கட்கிழமை வந்தது. அட்டைப்பெட்டி பார்வைக்குச் சரியாக இருந்ததால், கொண்டுவந்தவர் நீட்டிய போனில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாலையில் திறந்தால் முன்பக்கத் தகடு வளைந்திருக்கிறது, குமிழ் உள்ளே அமுங்கியிருக்கிறது, அசைத்தால் உள்ளே ஏதோ உருள்கிறது. போன் செய்தால் "நல்ல நிலையில் பெற்றதாகப் பதிவாகியிருக்கிறது" என்கிறார்கள்.

எழுதி வைத்திருக்கும் மின்னஞ்சல் இப்படித் தொடங்குகிறது: "உங்கள் ஆட்கள் பார்சலைத் தூக்கி எறிந்து நாசமாக்கிவிட்டார்கள். முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் உடனே வேண்டும்." இன்னும் அனுப்பவில்லை. அனுப்பலாமா?

ரெண்டாம்மாடி:
கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்றும் நடக்காது. ஆள் முன்னாலேயே பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று, தயவுசெய்து அதை மின்சாரத்தில் செருகிப் பார்க்காதீர்கள். புகை வந்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

மழைக்கால_மாலை:
எனக்கும் இதேதான். மூன்று வாரமாக டிராக்கிங்கில் "வந்துகொண்டிருக்கிறது" என்றே காட்டுகிறது. நீங்கள் டிராக்கிங் எண்ணை வைத்துக் கிளை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தீர்களா?

வால்யூம்_குமிழ்:
என் பார்சல் வந்துவிட்டது. உடைந்து வந்தது, அதுதான் பிரச்சினை.

பழைய_க்ளெய்ம்_மேசை:
ஒரு கூரியரின் க்ளெய்ம் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். ரெண்டாம்மாடி மின்சாரத்தைப் பற்றிச் சொன்னது சரி, கையெழுத்தைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. வாங்கும்போது பெட்டி வெளியே நன்றாகத் தெரிந்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து சாட்சி. உள்ளே இருந்ததற்கு அல்ல. இனி நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் கூடுகிறது, அவ்வளவுதான்.

கையெழுத்தைவிட நாள் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். வெளியே தெரியாத சேதத்துக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க ஒரு கெடு இருக்கும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த சரக்கு என்றால் 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெற்ற நாளிலிருந்து 14 நாள். உள்நாட்டு பார்சலுக்கு புக்கிங் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். போனில் சொன்னது எழுத்து ஆகாது.

மூன்று கேள்விகள். பெட்டியும் உள்ளே வைத்த பேக்கிங்கும் இருக்கிறதா? புக்கிங் யார் பெயரில்? பொருளின் மதிப்பு என்று எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்?

வால்யூம்_குமிழ்:
எல்லாம் இருக்கிறது. இப்போது திருப்பிப் பார்த்தால் கீழ் மூலை ஒன்று ஒரு கைமுஷ்டி அளவுக்கு உள்ளே போயிருக்கிறது. வாங்கும்போது அந்தப் பக்கம் தரையில் இருந்ததால் தெரியவில்லை. உள்ளே நாலு பக்கமும் தெர்மாகோல், அடியில் மட்டும் கசக்கிய செய்தித்தாள். புக்கிங் விற்றவர் பெயரில், உள்நாட்டுப் பார்சல்தான். மதிப்பு என்று நான் கொடுத்த விலையில் பாதியை எழுதியிருக்கிறார். ரசீதின் பின்னால் 7 நாள் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இன்று மூன்றாம் நாள்.

பழைய_க்ளெய்ம்_மேசை:
அப்படியென்றால் இன்றே அனுப்புங்கள். முதலில் அந்த மூலையைப் படம் எடுங்கள்: முகவரிச் சீட்டும் மூலையும் ஒரே படத்தில், பிறகு மூலை மட்டும் கிட்டத்தில், பிறகு ஆம்ப்ளிஃபையரை அது வந்த நிலையில் பெட்டிக்குள் வைத்து ஒன்று. எந்த மூலை நசுங்கியதோ அதற்கு நேராகத் தகடு வளைந்திருந்தால் அதுதான் உங்கள் பலமான ஆதாரம். இரண்டும் வெவ்வேறு பக்கம் என்றால் அது பழைய சேதமாக இருக்கலாம் என்று கேட்பார்கள்.

"தூக்கி எறிந்தார்கள்" என்பதை எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்க்கவில்லை. கன்வேயரிலிருந்து விழுந்திருக்கலாம், மேலே வேறு சுமை அடுக்கியிருக்கலாம். பார்க்காத ஒன்றை எழுதினால் அதை மட்டும் மறுத்துப் பதில் போட்டுக் கோப்பை மூடுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. மன உளைச்சலும் வேண்டாம், கூரியர் விதிகள் பெரும்பாலும் அதை ஏற்காது.

தொகையாக, ஒரு மெக்கானிக் எழுத்தில் தரும் பழுதுச் செலவையும் கூரியர் கட்டணத்தையும் கேளுங்கள். பழுதுச் செலவு அறிவித்த மதிப்பைத் தாண்டினால் மிச்சம் கிடைப்பது கடினம்.

அடியில் செய்தித்தாள் இருந்ததை நீங்களே எழுதிவிடுங்கள்.

ரெண்டாம்மாடி:
அது எதற்கு? நம் கையாலேயே அவர்களுக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பதா?

பழைய_க்ளெய்ம்_மேசை:
பெட்டியைப் பார்க்க ஆள் வருவார், செய்தித்தாள் அவர் கண்ணில் படும். கடிதத்தில் இல்லாதது அங்கே இருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகமாகப் படிப்பார்கள். பேக்கிங் போதவில்லை என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை, இருந்ததை இருந்தபடி சொல்லுங்கள். 14 கிலோவுக்குச் செய்தித்தாள் போதாது என்பது என் கருத்து. ஆனால் நசுங்கியது அடிப்பரப்பு அல்ல, மூலை. அந்த இடத்தில் தெர்மாகோல் இருந்திருக்கிறது.

ரெண்டாம்மாடி:
நான் எழுத மாட்டேன். அவர்களே கேட்டால் சொல்வேன்.

வால்யூம்_குமிழ்:
நான் எழுதிவிட்டேன். அனுப்பியது இது:

> பொருள்: சேதமடைந்த பார்சல் குறித்த எழுத்துமூல அறிவிப்பும் இழப்பீட்டுக் கோரிக்கையும். டிராக்கிங் எண் ______
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட பார்சல் ______ அன்று புக்கிங் செய்யப்பட்டு, ______ அன்று என்னிடம் சேர்க்கப்பட்டது. மேற்பரப்பில் சேதம் தெரியாததால் கையொப்பமிட்டேன். அன்று மாலையே திறந்தபோது ஆம்ப்ளிஃபையரின் முன்தகடு வளைந்தும், குமிழ் உள்ளே அமுங்கியும் இருந்தன. அன்றே தொலைபேசியில் தெரிவித்தேன். பெட்டியின் கீழ் மூலை ஒன்று நசுங்கியிருந்ததைப் பிறகு கண்டேன். தகட்டின் வளைவு அந்த மூலைக்கு நேராக உள்ளது.
>
> நான்கு பக்கமும் தெர்மாகோலும் அடியில் செய்தித்தாளும் வைக்கப்பட்டிருந்தன. சேதம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. உங்கள் கையாளல் பதிவுகளைப் பார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> பழுதுச் செலவையும் கூரியர் கட்டணத்தையும் கோருகிறேன். மதிப்பீடு கைக்கு வந்ததும் அனுப்புவேன். பொருளும் பெட்டியும் பேக்கிங்கும் வந்த நிலையிலேயே உள்ளன. பார்வையிட வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும். கடிதம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.
>
> இணைப்பு: படங்கள் 6, புக்கிங் ரசீது, விற்பனை ரசீது.

பழைய_க்ளெய்ம்_மேசை:
நன்றாக இருக்கிறது. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வால்யூம்_குமிழ்:
புகார் எண் வந்துவிட்டது. கூடவே, "புக்கிங் செய்தவர்தான் கோர முடியும்" என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பழைய_க்ளெய்ம்_மேசை:
நான் பயந்ததும் அதைத்தான். ஒப்பந்தம் அவருக்கும் கூரியருக்கும் இடையில். உங்கள் கடிதத்தைக் குறிப்பிட்டு, தொகையை உங்களிடமே தர அனுமதித்து அவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடட்டும். அதுவும் 7 நாளுக்குள் போய்ச் சேரட்டும்.

வால்யூம்_குமிழ்:
விற்றவர் நல்ல மனிதர், இன்றைக்கே எழுதித் தந்துவிட்டார், அனுப்பியாயிற்று. பாதி மதிப்பு எழுதியது ஏன் என்று கேட்டேன். கட்டணம் குறையும் என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார்கள். அதுவரை பெட்டி கூடத்தின் நடுவில்தான் இருக்கிறது, வீட்டில் யாரையும் தொடவிடவில்லை.

மழைக்கால_மாலை:
இடையில் மன்னிக்கவும். வராத பார்சலுக்கும் இந்த 7 நாள் கணக்கு உண்டா?