தாத்தா போட்டோவ 4800ல ஸ்கேன் பண்ணி கெடுத்த கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

எங்க தாத்தாவும் அவரு தம்பியும் கேஆர்பி டேம் முன்னாடி நிக்கிற ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோ தான் வீட்ல இருக்கு. ரொம்ப சின்னது, ரெண்டேகால் இஞ்சுக்கு மூணேகால் இஞ்ச். திதிக்குள்ள பெருசு பண்ணி மாட்டிடலாம்னு கிருஷ்ணகிரில ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன், மெஷின்ல எவ்ளோ மேக்சிமம் இருக்கோ அதுலயே போடுங்கண்ணேன்னு நானே தான் சொன்னேன், அவரும் 4800 டிபிஐல போட்டு ஜேபெக்கா பென்டிரைவ்ல ஏத்தி குடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்து திறந்தா 10,800க்கு 15,600 பிக்சல், லேப்டாப் மூச்சு வாங்குது. முகத்த பெருசு பண்ணி பாத்தா பேப்பர் நாரும் தூசியும் தான் பெருசாகுது, கண்ணு அப்டியே மங்கலா தான் இருக்கு. அது கூட பரவால்ல. தாத்தா வேட்டி மொத்தமும் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஒரே வெள்ளை. தோள் பக்கம் ஒரு கீறல் இருக்கும், அந்த கீறலோட ரெண்டு பக்கமும் புதுசா வெள்ளை கோடு வந்திருக்கு, அத ஹீலிங் பிரஷ் வச்சு துடைச்சா பிரஷ் அந்த வெள்ளை கோட்டையே எடுத்து எடுத்து பக்கத்துல ஒட்டுது. ரெண்டு ராத்திரி இதுலயே போச்சு.

மூணாவது நாள் சும்மா ஒரிஜினல எடுத்து லென்ஸ் வச்சு பாத்தேன். வேட்டி மடிப்பு தெரியுது, கரை கூட தெரியுது! அப்ப தான் உறைச்சுது, கெட்டது போட்டோ இல்ல, ஸ்கேன் பண்ணும்போதே போயிடுச்சு, இல்லாதத நான் உக்காந்து தேடிட்டு இருந்திருக்கேன்னு.

பர்கூர்ல மாமா பையன் கிட்ட ஃப்ளாட்பெட் ஸ்கேனர் இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை போறேன். இந்த தடவ என்ன செட்டிங் வைக்கிறது, உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருக்கா?

ஓசூர் ராத்திரி ஷிஃப்ட்

ப்ரோ 4800 எல்லாம் சும்மா. நான் எங்க வீட்டு ஆல்பம் மொத்தமும் 300ல தான் போட்டேன். போட்டோ பேப்பர்ல 300க்கு மேல விஷயமே கிடையாது. அதுவும் கருப்பு வெள்ளைன்னா கிரேஸ்கேல் வச்சுடுங்க, மஞ்ச கறையும் தெரியாது ஃபைலும் சின்னது.

டார்க்ரூம் கிழவன், தர்மபுரி

ஓசூர் தம்பி சொல்றது பாதி சரி. லேப்ல கொடுத்து போட்ட போஸ்ட்கார்டு சைஸ் கலர் பிரிண்ட்ல 300க்கு மேல அதிகமா ஒண்ணும் கிடைக்காது, 600 வச்சா கீறல் தூசி துடைக்க கொஞ்சம் வசதியா இருக்கும், அவ்ளோதான். ஆனா காவேரிப்பட்டணத்து தம்பி சொல்ற அளவ பாருங்க, ரெண்டேகாலுக்கு மூணேகால். அது 120 ரோல் ஃபிலிமோட சைஸே தான். என்லார்ஜர்ல போடாம நெகடிவ பேப்பர் மேலயே வச்சு அழுத்தி லைட் அடிச்சு எடுத்த கான்டாக்ட் பிரிண்ட் அது. நடுவுல லென்ஸே கிடையாது, நெகடிவ்ல இருக்கிறது கிட்டத்தட்ட அப்டியே பேப்பர்ல இறங்கிடும். அதுல 300 வச்சா பாதிய தூக்கி எறிஞ்ச மாதிரி.

நான் சொல்றத நம்ப வேணாம், அவரே பாத்துக்கட்டும். முகம் இருக்கிற இடத்த மட்டும் செலக்ட் பண்ணி 600, 1200, 2400னு மூணு தடவ எடுங்க. 600ஐ கம்ப்யூட்டர்ல ரெண்டு மடங்கு பெருசாக்கி 1200 பக்கத்துல வைங்க. புருவம், சட்டை பட்டன், மீசை ஓரம் இதுல எதாவது புதுசா தெரிஞ்சா 1200 நியாயம். அதே மாதிரி 1200க்கும் 2400க்கும் பாருங்க. புதுசா வந்தது பேப்பர் நாரும் சொரசொரப்பும் மட்டும்னா நின்னுடுங்க, பிரிண்ட் அங்க முடிஞ்சு போச்சு. ஸ்கேனர் டப்பால போட்டிருக்கிற பெரிய நம்பர்ல பாதி, சாஃப்ட்வேர் தானா இட்டுக்கட்டி நிரப்புறது.

வேட்டி வெள்ளையா போனதுக்கும் டிபிஐக்கும் சம்பந்தம் இல்ல. `Auto Exposure` போட்டா மெஷின் மங்கிப்போன போட்டோவ பாத்து, ஐயோ வெளிறி இருக்கேன்னு வெள்ளைய இன்னும் வெள்ளையாவும் கருப்ப இன்னும் கருப்பாவும் இழுத்துடும். அதுல ரெண்டு ஓரத்துலயும் இருந்த மடிப்பெல்லாம் வெட்டுப்படும். கீறல் பக்கத்துல வெள்ளை கோடு வந்தது `Unsharp Mask` வேலை. ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. `Dust Removal`னு ஒண்ணு இருக்கும், அதையும் எடுங்க, தூசின்னு நெனச்சு கண்ணுல இருக்கிற ஒளிப்புள்ளிய அழிச்சிடும். ஹிஸ்டோகிராம்ல மேடு முடியற இடத்துக்கு கொஞ்சம் வெளியவே ரெண்டு முனையையும் வச்சுட்டா போதும். ஸ்கேன் ஆகி வர்றது சாம்பல் பூத்து டல்லா தான் இருக்கும், பாத்து பயப்படாதீங்க, டல்லா வந்தா தான் உள்ள சரக்கு இருக்கு.

கிரேஸ்கேல் மட்டும் வேணாம். ஏன்னு அப்புறம் எழுதறேன், கண்ணு வலிக்குது.

வேலைதேடி, அரூர்

சார் எனக்கும் இதே பிராப்ளம். ஆன்லைன் அப்ளிகேஷன்ல போட்டோ 50 கேபிக்குள்ள கேக்குறாங்க, என்னோடது 4 எம்பி வருது. எத்தன டிபிஐ வச்சா 50 கேபி ஆகும்?

ஓசூர் ராத்திரி ஷிஃப்ட்

தம்பி அது வேற கதை, 200ல ஸ்கேன் பண்ணி ஜேபெக் குவாலிட்டிய குறைங்க. இங்க போட்டோவ பெருசு பண்ண அடிச்சிக்கிறாங்க.

பென்னாகரம் அக்கா

எங்க கல்யாண ஆல்பம் 86ல போட்டது, கலர் தான், ஆனா பேப்பர் வழவழன்னு இருக்காது, தேன்கூடு மாதிரி குட்டி குட்டி புள்ளியா இருக்கும், சில்க் பேப்பர்னு அப்ப அதுக்கு தான் காசு ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரரு 600ல ஸ்கேன் பண்ணாரு, முகமெல்லாம் அம்மை போட்ட மாதிரி வந்துச்சு. 1200 வச்சா புள்ளி இன்னும் தெளிவா வருது, சிரிக்கிறதா அழுவறதா.

பெரியவர் சொன்ன மாதிரி ஆட்டோ எல்லாம் எடுத்தும் போகல. கடைசில பொண்ணு ஒரு வழி பண்ணா. ஒரு தடவ நேரா வச்சு ஸ்கேன், அப்புறம் போட்டோவ தலைகீழா திருப்பி வச்சு இன்னொரு ஸ்கேன். ரெண்டாவத கம்ப்யூட்டர்ல நேராக்கி மொதல்தோட மேல லேயரா போட்டு ஒபாசிட்டி 50 வச்சா. ஸ்கேனர்ல லைட் ஒரு பக்கத்துல இருந்து தான் விழுது இல்லையா, திருப்பி வச்சா புள்ளியோட நிழல் எதிர்ப்பக்கம் விழுது, ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிது. முக்கா பாகம் போயிடுச்சு. ஆனா ரெண்டும் இம்மி பிசகாம பொருந்தணும், எங்களுக்கு ஒரு ஓரத்துல பொருந்தல, மாலை ரெட்டை ரெட்டையா தெரியுது. கேமராவுல எடுத்தா நல்லா வரும்னு ஒருத்தர் சொன்னாரு, யாராவது பண்ணி பாத்தீங்களா?

டார்க்ரூம் கிழவன், தர்மபுரி

அம்மா, கேமராவுல எடுத்தா ரெண்டு பக்கமும் லைட் வைக்கலாம், அது நல்லது தான். ஆனா போட்டோ ஒரே மட்டமா இருக்கணும், லைட் சமமா விழணும், அதுக்கு மெனக்கெடணும். நான் சில்க் பிரிண்ட்டுக்கு ரெண்டு விதமாவும் பண்ணிருக்கேன், ரெண்டுலயும் மனசு நிறையல.

இப்ப கிரேஸ்கேல் விஷயம். கலர் ஸ்கேன்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சானல் இருக்கும். மஞ்ச கறை, டீ கறை எல்லாம் நீலத்துல தான் கருப்பா விழும், சிவப்புல பாத்தா பாதிக்கு மேல காணாம போயிடும். கலர்ல ஸ்கேன் பண்ணி வச்சா மூணு சானலையும் தனித்தனியா திறந்து, கறை கம்மியா இருக்கிறத எடுத்துக்கலாம். மொதல்லயே கிரேன்னு போட்டா எந்த சானல எவ்ளோ கலக்கறதுன்னு மெஷின் முடிவு பண்ணிடும், அப்புறம் பிரிக்க முடியாது. நீல இங்க் பேனா கிறுக்கல்னா தலைகீழ், சிவப்புல பளிச்னு தெரியும், நீலத்துல மங்கும்.

ஓசூர் ராத்திரி ஷிஃப்ட்

ஐயா இது தெரியாம நாலு ஆல்பம் கிரேல போட்டு வச்சிருக்கேன் 🤦 சரி, 48 பிட்டா 24 பிட்டா? நான் ரெண்டும் வச்சு பாத்தேன், ஒரு வித்தியாசமும் தெரியல, ஃபைல் தான் ரெண்டு மடங்கு.

டார்க்ரூம் கிழவன், தர்மபுரி

ஸ்கிரீன்ல பாத்தா தெரியாது தம்பி. ரொம்ப வெளிறிப்போன போட்டோல இருக்கிற கொஞ்சூண்டு டோன லெவல்ஸ் வச்சு இழுத்து பாருங்க, 24ல படி படியா கோடு விழும், வானத்துல நல்லா தெரியும். நல்லா இருக்கிற போட்டோவுக்கு 24 போதும்.

ஓசூர் ராத்திரி ஷிஃப்ட்

எனக்கு இழுத்தும் தெரியல, சரி விடுங்க.

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

பர்கூர் போயிட்டு வந்துட்டேன். பெரியவர் சொன்ன மாதிரியே மூணு தடவ எடுத்தேன். 600ல பட்டன் ஒரு வெள்ளை புள்ளி, 1200ல பட்டனுக்குள்ள ஓட்டை தெரியுது! 2400ல அதே ஓட்டை தான் கூட நார் ஜாஸ்தி. அதனால 1200, கலர், 48 பிட், டிஃப், ஆட்டோ எல்லாம் ஆஃப். ஃபைல் 2700க்கு 3900 பிக்சல், சுமார் 63 எம்பி. பிரிண்ட்டுக்கு 300னு கணக்கு போட்டா 9 இஞ்சுக்கு 13 இஞ்ச் வருது, எனக்கு அதுக்கு மேல வேணாம். பாக்க கடைக்காரர் குடுத்தத விட அசிங்கமா தான் இருந்துச்சு, மாமா பையன் என்னடா இது புகை மூட்டம்னு கேட்டான். ஆனா வேட்டி மடிப்பு இருக்கு, கரை இருக்கு. கீறலுக்கு பக்கத்துல வெள்ளை கோடு இல்ல, ஒரே இழுப்புல போச்சு.

போட்டோ கொஞ்சம் சுருண்டு இருக்கு. மொதல்ல அவங்க வீட்ல இருக்கிற பிரிண்டர் கூட வர்ற ஸ்கேனர்ல தான் வச்சோம், கண்ணாடிய தொடாத ஓரமெல்லாம் மங்கிடுச்சு. ஃப்ளாட்பெட்ல அதே போட்டோ, அதே சுருட்டு, ஓரம் வரைக்கும் தெளிவா வந்துச்சு.

ஒண்ணு மட்டும் புரியல. கருப்பா இருக்கிற இடத்துல, டேம் நிழல் பக்கம், நீலமா பளபளன்னு ஒரு படலம் ஸ்கேன்ல வருது, எந்த செட்டிங்குக்கும் போகல.

டார்க்ரூம் கிழவன், தர்மபுரி

வெள்ளி மேல ஏறிடுச்சு தம்பி, பேப்பர்ல இருக்கிற வெள்ளி தான் அது. ஸ்கேனர்ல போகாது. துணி வச்சு தேச்சிடாதீங்க.

பின்பக்கம் ஸ்கேன் பண்ணீங்களா?

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

பண்ணல ஐயா! இப்ப தான் திருப்பி பாக்கறேன், மங்கலா ஊதா சீல், ஸ்டுடியோ பேரு படிக்க முடியல, கீழ "சேலம் ஜில்லா"ன்னு மட்டும் தெரியுது.

பென்னாகரம் அக்கா

அப்ப 65க்கு முன்னாடி எடுத்தது, அப்ப தானே நாம சேலத்துல இருந்து பிரிஞ்சோம்.

டார்க்ரூம் கிழவன், தர்மபுரி

அவசரப்படாதீங்கம்மா. எங்க கடைல பழைய சீல 70 தாண்டியும் குத்திட்டு இருந்தோம், புதுசு செய்ய யாரு காசு குடுப்பா. தம்பி, பின்பக்கத்த கலர்ல 600 வச்சு எடுத்து சிவப்பு சானல், பச்சை சானல் ரெண்டையும் பாருங்க, ஊதா மை அதுல எதுலயாவது எழும்பி வரும், ஸ்டுடியோ பேரு தெரிஞ்சா எனக்கு சொல்லுங்க.