உதவி தேவை: 60 டெசிபலும் 60 டெசிபலும் சேர்ந்தால் 120 என்கிறார்கள் மாணவர்கள்

சுண்ணக்கட்டி:

பதினொன்றாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். மடக்கை என்பது அடுக்குக்குறிச் சார்பின் நேர்மாறு என்று சொல்லி, y = 10^x, y = log x இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, y = x என்ற கோட்டில் ஒன்று மற்றொன்றின் பிம்பமாக விழுவதைக் காட்டினேன். log 1000 எவ்வளவு என்று கேட்டால் வகுப்பே 3 என்று கத்துகிறது. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்து ஒலிக்கும் நிலநடுக்கத்துக்கும் போனேன். அங்கே எல்லாம் கலைந்துவிட்டது.

ஒரு மோட்டார் 60 டெசிபல் ஒலி எழுப்புகிறது. அதே போன்ற இன்னொன்றைப் பக்கத்தில் ஓடவிட்டால் எவ்வளவு? ஐந்தாறு பேரைத் தவிர எல்லோரும் 120 என்று எழுதினார்கள். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி காரணமும் எழுதியிருந்தாள்: "மடக்கைகளைக் கூட்டலாம் என்று விதி இருக்கிறது, ஆகவே 60 + 60." அவள் விதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். தவறு என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை.

இரண்டாவது, நிலநடுக்கம். அளவு ஒன்று கூடினால் 10 மடங்கு என்று சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, செய்தித்தாளில் 32 மடங்கு என்று படித்ததாகச் சொன்னான். நானோ 10 மடங்கு ஆற்றல் என்றே சொல்லித் தொலைத்திருந்தேன். எது சரி? இரண்டையும் நேர்மாறு என்ற ஒரே கருத்தின் வழியாகச் சொல்ல வழி உண்டா?

வெண்பலகை:

பிள்ளைகள் கால்குலேட்டரில் ln பொத்தானை அழுத்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். என் வகுப்பில் பாதித் தவறு அங்கிருந்துதான் வந்தது. log என்றால் அடிமானம் 10, ln என்றால் அடிமானம் e.

சுண்ணக்கட்டி:

நன்றி ஐயா. ஆனால் 120 என்று எழுதியவர்கள் கால்குலேட்டரைத் தொடவே இல்லை. மனக்கணக்காகக் கூட்டிவிட்டார்கள்.

அலைநீளம்:

விடை 66. டெசிபல் சூத்திரத்தில் 20 log வரும். இரண்டு மடங்கானால் 20 × 0.301, அதாவது சுமார் 6 டெசிபல் கூடும். இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பட்டறைக்காரன்:

நான் ஆசிரியர் இல்லை, என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்கள். ஒன்று மட்டும் ஓடும்போது ஒலிமானி 85 காட்டும். இரண்டும் ஓடினால் 88. ஒன்றை நிறுத்திவிட்டால் இரைச்சல் பாதியாகும் என்று நம்பி நிறுத்திப் பார்த்தேன். வெறும் 3 குறைந்தது. மானி பழுதாகிவிட்டது என்று நினைத்து வேறொன்றை இரவல் வாங்கி வந்து வைத்தேன். அதுவும் 88, 85 என்றே காட்டியது. 66 என்று இங்கே எழுதியிருக்கிறார்கள். என் கணக்குப்படி 63 அல்லவா வர வேண்டும்?

நடுக்கப்பதிவு:

பட்டறைக்காரர் சொல்வது சரி. அவருடைய மானியும் சரி. நான் பல ஆண்டுகள் நிலநடுக்கமானிப் பதிவுகளைப் படித்தவன். ஒலியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த மாணவியின் கேள்விதான் மிக நல்ல கேள்வி.

அவள் சொன்ன விதி உண்மை. மடக்கைகளைக் கூட்டலாம், ஆனால் கூட்டினால் உள்ளே இருக்கும் எண்கள் பெருக்கப்படுகின்றன. 60 டெசிபல் என்றால் மனிதச் செவி கேட்கத் தொடங்கும் செறிவைப்போல் 10 லட்சம் மடங்கு செறிவு. 60 + 60 என்று எழுதும்போது அவள் 10 லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்கிவிட்டாள். 120 டெசிபல் கேட்க வேண்டுமானால் அவளுக்கு இரண்டு மோட்டார்கள் போதாது, 10 லட்சம் மோட்டார்கள் வேண்டும். இதை அவளிடமே கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தவறு என்று நீங்கள் சொல்லத் தேவையே இருக்காது.

மோட்டார்கள் கூட்டுவது செறிவை, டெசிபலை அல்ல. ஆகவே டெசிபலிலிருந்து செறிவுக்குத் திரும்பிப் போக வேண்டும், அங்கே கூட்ட வேண்டும், பிறகு டெசிபலுக்கு வர வேண்டும். போகும் வழி அடுக்கு, வரும் வழி மடக்கை.

```
60  →  10^(60/10) = 1000000
1000000 + 1000000 = 2000000
10 × log 2000000 = 63.01
```

நேர்மாறு என்பது வரைபடத்தில் கண்ணாடிப் பிம்பமாக மட்டும் இருந்தால் பிள்ளைகள் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் விடை கிடைக்கும் என்ற கணக்கு ஒன்றைக் கொடுத்தால், ஏன் இரண்டு சார்புகள் வேண்டும் என்பது கையில் தங்கும்.

அலைநீளம் அவர்களே, உங்கள் 20 log தவறான சூத்திரம் அல்ல. அது ஒலி அழுத்தத்துக்கு உரியது. செறிவு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த 2 மடக்கையின் முன்னால் வந்து நிற்பதால் 10 என்பது 20 ஆகிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும், உண்மை. ஆனால் தொடர்பில்லாத இரண்டு மோட்டார்கள் சேர்ந்தால் இரண்டு மடங்காவது அழுத்தமல்ல, செறிவு.

அலைநீளம்:

ஒப்புக்கொள்கிறேன், மோட்டார் கேள்விக்கு 63. ஆனால் இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒரே ஒலி, ஒரே கட்டத்தில் வந்து சேரும் இடத்தில் நின்றால் அழுத்தம்தான் இரட்டிக்கும். அங்கே 66 வரும். கேள்வியில் "தனித்தனி மோட்டார்" என்று எழுதாவிட்டால் இயற்பியல் நன்றாகத் தெரிந்த பிள்ளை தடுமாறும்.

நடுக்கப்பதிவு:

அது நியாயமான திருத்தம். கேள்வியில் சேர்த்துவிடுங்கள்.

இனி நிலநடுக்கம். 10, 32 இரண்டும் சரி. அளக்கும் பொருள்தான் வேறு. 1935இல் ரிக்டர் தம் அளவுகோலை அமைத்தபோது எடுத்துக்கொண்டது, குறிப்பிட்ட வகை நிலநடுக்கமானியில் முள் வரைந்த கோட்டின் வீச்சை. நிலநடுக்க மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் முள் 1 மில்லிமீட்டர் அசைந்தால் அது அளவு 3. 10 மில்லிமீட்டர் அசைந்தால் 4. இந்த 10 மடங்கு அசைவுக்கு மட்டுமே. வெளிப்படும் ஆற்றல் அசைவைவிட வேகமாக ஏறுகிறது. அதற்கு வழக்கமாக எடுக்கும் தொடர்பு, ஜூலில்:

```
log E = 1.5 M + 4.8
```

M ஒன்று கூடினால் வலப்பக்கம் 1.5 கூடும். log கூடியது 1.5 என்றால் E எத்தனை மடங்கு? திரும்பிப் போக வேண்டும்: 10^1.5, அதாவது 31.6. செய்தித்தாளின் 32 இதுதான். இரண்டு படி ஏறினால் 10^3, சரியாக 1000 மடங்கு. அளவு 8 நிலநடுக்கம் ஒன்றின் ஆற்றலுக்கு அளவு 6 நிலநடுக்கங்கள் ஆயிரம் வேண்டும்.

வகுப்பில் ஒரு கணக்கு செய்யுங்கள். 2001 புஜ் நிலநடுக்கம் 7.7, 2004 சுமத்ரா நிலநடுக்கம் 9.1. வித்தியாசம் 1.4 மட்டுமே. 1.4 × 1.5 = 2.1, 10^2.1 சுமார் 126. பெரியதில் வெளிப்பட்ட ஆற்றல் சிறியதைப்போல் 126 மடங்கு. 9.1ஐ 7.7ஆல் வகுத்த பிள்ளைக்கு 1.18 கிடைத்திருக்கும். இரண்டு விடைகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு அளவுகளும் ரிக்டரின் பழைய முறையில் வந்தவை அல்ல. மிகப் பெரிய நிலநடுக்கங்களில் பழைய அளவுகோல் ஓரிடத்துக்குமேல் ஏற மறுக்கிறது. அதனால் 1979 முதல் திருப்புத்திறன் அளவு வழக்கத்துக்கு வந்தது. அது உடைந்த நிலப்பிளவின் பரப்பையும் நழுவிய தூரத்தையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆகவே 9.1க்கும் 7.7க்கும் இடையே "முள் 25 மடங்கு அசைந்தது" என்று சொல்லிவிடாதீர்கள். ஆற்றலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுண்ணக்கட்டி:

மிக்க நன்றி ஐயா. இன்று செய்து பார்த்தேன். 10 லட்சம் மோட்டார்கள் என்ற விடை வந்ததும் அந்த மாணவி தானாகவே 120ஐ அடித்துவிட்டு 63 என்று எழுதினாள்.

தலைகீழ்க் கணக்கும் கொடுத்தேன்: ஆற்றல் 2 × 10^15 ஜூல், அளவு என்ன? மடக்கை 15.3. அதற்குப் பிறகு பலர் 1.5ஆல் வகுத்து, பிறகு 4.8 கழித்து 5.4 என்று கொண்டுவந்தார்கள். கடைசியாகக் கூட்டியதை முதலில் கழிக்க வேண்டும் என்று சொல்லி, 15.3 − 4.8 = 10.5, அதை 1.5ஆல் வகுத்தால் 7 என்று காட்டினேன். 5.4ஐச் சூத்திரத்தில் திரும்பப் போட்டால் அடுக்கு 12.9தானே வருகிறது என்று ஒருவனே கண்டுபிடித்தான். நேர்மாறு சரியா என்று சோதிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "0 டெசிபலும் 0 டெசிபலும் சேர்ந்தால்?" முறைப்படி செய்தோம்: 1 + 1 = 2, விடை 3. பூச்சியமும் பூச்சியமும் சேர்ந்து 3ஆ என்று வகுப்பு கலகலத்துவிட்டது. 0 டெசிபல் ஒலியே இல்லாத நிலை அல்ல, ஒப்பிட வைத்த செறிவுக்குச் சமம் என்று சொன்னேன். உடனே கடைசி பெஞ்சிலிருந்து, "அப்படியானால் ஒலியே இல்லாவிட்டால் எத்தனை டெசிபல்?"

நெட்டுரு:

இதற்காகத்தான் வரைபடத்தைப் பின்னால் வைக்க வேண்டும் என்று நான் எப்போதும் வாதாடுவேன். இப்போது y = 10^x வரைபடத்தைத் தொங்கவிடுங்கள். இடப்பக்கம் எவ்வளவு போனாலும் அது அச்சைத் தொடாது. 10இன் எந்த அடுக்கும் பூச்சியம் ஆகாது. ஆகவே திரும்பி வரும் வழியில் log 0 என்று ஒன்று இல்லை. முதல் நாளே வரைபடத்தைக் காட்டியதால் அந்த இடைவெளியை அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

நடுக்கப்பதிவு:

விளக்கம் சரி, வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. படம் முதலிலும் வர வேண்டும், கடைசியிலும் வர வேண்டும். முதலில் பார்த்திராத பிள்ளைக்குத் திரும்பிப் போவது எங்கே என்றே தெரியாது.

நெட்டுரு:

என் வகுப்பில் முதலில் படத்தைப் பார்த்த பிள்ளைகள் பிம்பம் என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். நான் மாற மாட்டேன்.

பட்டறைக்காரன்:

ஒலியே இல்லாவிட்டால் என்ன காட்டும் என்று பார்க்க இன்றிரவு எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு மானியை வைத்தேன். 42 காட்டியது. இந்த 42 பகலில் அந்த 85க்குள் இருந்ததா, அதைக் கழிக்க வேண்டாமா?

சுண்ணக்கட்டி:

திரும்பிப் போய்ப் பாருங்கள் ஐயா. 10^8.5 என்பது சுமார் 31 கோடியே 62 லட்சம், 10^4.2 சுமார் 16 ஆயிரம். 31 கோடியிலிருந்து 16 ஆயிரத்தைக் கழித்துவிட்டு மடக்கை எடுத்தால் மானியில் 85தான் இருக்கும். இந்தக் கணக்கை நாளைக்கு என் வகுப்பில் கொடுக்க உங்கள் அனுமதி வேண்டும்.