கலைச்சொல் விவாதம்: இடையறாது வரும் வருவாயின் நிகழ்கால மதிப்பு – ‘ஓடை’யா, ‘பாய்ச்சல்’ஆ, ‘வரத்து’ஆ?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கணித நூலில் தொகையிடலின் பயன்பாடுகள் என்ற இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு கணக்கில் நின்றுவிட்டேன். ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் மின்சாரம் தருகிறது. யூனிட் ஒன்றுக்கு 3 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 48 லட்சம் ரூபாய் வருகிறது. இந்நிலை 25 ஆண்டுகள் நீடிக்கிறது. வட்டி 10 விழுக்காடு. இந்த வருவாய் முழுவதற்கும் இன்று என்ன மதிப்பு என்பதே கேள்வி. விடை இப்படிப் போகிறது:

```
PV = ∫₀²⁵ 48·e^(−0.10t) dt = 480·(1 − e^(−2.5)) ≈ 440.6
```

அதாவது சுமார் 440.6 லட்சம் ரூபாய். கணக்கில் எனக்கு ஐயமில்லை. இடைவெளியே இல்லாமல் நீர்போல் வந்துகொண்டிருப்பதாகக் கருதப்படும் இந்த வருவாய்க்கு என்ன பெயர் வைப்பது? முதல் படியில் ‘தொடர் வருமான ஓடை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஆசிரியர் ஒருவர், ஓடை கோடையில் வற்றிவிடுமே என்றார்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை:

அம்மா, ஓடையை விட்டுவிடுங்கள். ‘ஒழுகு’ என்ற வேரிலிருந்து ‘வருவாய் ஒழுக்கு’ என்று ஆக்கலாம். அறாமல் செல்வதே ஒழுகுதல். ஒழுக்கம் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். அதைவிடச் சிறந்த ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை’ என்பது குறள். பொருள் வரும் வழி ஆகாறு, போகும் வழி போகாறு. ஆறு என்பது வழியும் ஆகும், நதியும் ஆகும். ஈராயிரம் ஆண்டு நிற்கும் சொல் இருக்கையில் புதிது தேடுவானேன்?

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

ஐயாவின் சொல்லைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ‘தொடர்’ என்ற அடைமொழியை நீக்கியே ஆக வேண்டும். கணிதத்தில் தொடர் என்றால் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவது. ‘தொடர் வருமானம்’ என்று படிக்கும் மாணவர் ஆண்டுக்கு ஒன்றாக 25 தவணைகளை எழுதி, பெருக்குத் தொடராகக் கூட்டத்தான் போவார். இங்கே சொல்ல வந்ததற்கு அது நேர்மாறானது. ‘தொடர்ச்சியான’ என்று முழுமையாக எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. எங்கள் கணக்கியல் நூல்களில் ‘காசுப் பாய்ச்சல்’ என்பது நிலைபெற்ற சொல். ஆகவே ‘தொடர்ச்சியான வருமானப் பாய்ச்சல்’ என்பதே என் முன்மொழிவு.

கணக்காளர், இராமநாதபுரம்:

நான் ஒரு சூரிய மின்நிலையத்தில் கணக்கெழுதுபவன். ஐயா சொல்லும் ‘ஒழுக்கு’ எங்கள் பக்கத்தில் கூரையும் குழாயும் ஒழுகுவதையே நினைவூட்டும். ‘வருவாய் ஒழுக்கு’ என்று அறிக்கையில் எழுதினால், வரவேண்டிய பணம் எங்கோ கசிகிறது என்றே மேலாளர் புரிந்துகொள்வார்.

எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம் உண்டு. மாதம் முடிந்ததும் மீட்டர் அளவு எடுத்துப் பட்டியல் அனுப்புகிறோம். பணம் இரண்டு மாதம் கழித்து வருகிறது. இரவில் மின் உற்பத்தியே கிடையாது. இதில் தொடர்ச்சி எங்கே இருக்கிறது? ஆண்டு இறுதியில் 48 லட்சம் வருவதாக வைத்து 10 விழுக்காட்டில் கழித்துப் பார்த்தேன். 435.7 லட்சம் வருகிறது. நூலில் உள்ள விடை பிழையாக இருக்குமோ?

காப்பீட்டுக் கணிப்பாளர் (ஓய்வு), சென்னை:

தம்பி, உங்கள் விடையும் சரி, நூலின் விடையும் சரி. ஆனால் இரண்டிலும் உள்ள 10 விழுக்காடு ஒன்றல்ல. நீங்கள் எடுத்தது ஓராண்டு முடிவில் 100 ரூபாய் 110 ஆகும் வட்டி. நூல் எடுத்தது நொடிக்கு நொடி முதலோடு சேர்ந்துகொண்டே போகும் வட்டி. அதில் 100 ரூபாய் ஓராண்டில் 110.52 ஆகும். எங்கள் தொழிலில் இதை வட்டியின் விசை என்போம். உங்கள் 10 விழுக்காட்டுக்கு ஈடான விசை 1.1இன் இயல் மடக்கை, அதாவது 0.0953. அதைத் தொகையீட்டில் இட்டால் 457.1 லட்சம் கிடைக்கும்.

ஆக, ஒரே வட்டியில் ஒப்பிட்டால் 435.7 எங்கே, 457.1 எங்கே? ஆண்டு முழுதும் பரவி வரும் பணத்தை ஆண்டின் கடைசி நாளில் வருவதாக நீங்கள் வைத்ததால் சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் அரை ஆண்டு தாமதமாகிவிட்டது. உங்கள் 435.7ஐ 1.1இன் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள், 457 வரும். இரண்டு முறைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நான் எப்போதும் செய்யும் சோதனை இது. பெருக்கியும் ஒத்துவராவிட்டால் இரண்டு வட்டிகள் கலந்துவிட்டன என்று பொருள். நூலின் 440.6ஐ உங்கள் 435.7இன் பக்கத்தில் வைத்து, தொடர்ச்சியாகக் கருதுவதால் 5 லட்சம்தான் கூடுகிறது என்று ஒருவர் சொன்னால் அது அத்தகைய கலப்படம்தான்.

மாதந்தோறும் வருவது பற்றியும் கேட்டீர்கள். மாத இறுதியில் 4 லட்சமாக 300 தவணைகள் என்று கணக்கிட்டால் 455.3 லட்சம் வரும். தொகையீட்டுக்கும் இதற்கும் 2 லட்சத்துக்கும் குறைவான வேறுபாடுதான். நீங்கள் சொன்ன இரண்டு மாதத் தாமதம் அதைவிடப் பெரியது. அது 7 லட்சத்துக்கு மேல் தின்றுவிடும். ஆகவே தொடர்ச்சி என்ற கற்பனையால் இங்கே பெரிய கேடில்லை, பணம் பிந்துவதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் கேடு.

ஓய்வூதியர், சேலம்:

பெரியோர்க்கு வணக்கம். எனக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம் இடைவிடாமல் வருகிறது. அதில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டால் நல்லதா என்பதை இந்தச் சூத்திரத்தால் அறிய முடியுமா?

காப்பீட்டுக் கணிப்பாளர்:

ஐயா, இந்தச் சூத்திரம் 25 ஆண்டு உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. ஓய்வூதியம் நாம் உயிரோடு இருக்கும் வரைதான் வரும் என்பதால் ஒவ்வோர் ஆண்டுக்கும் உயிர்வாழும் வாய்ப்பைப் பெருக்கியாக வேண்டும். உங்கள் வயது, விதிகள் ஆகியவற்றைத் தனிமடலில் எழுதுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். இதுவரை வந்த எந்தச் சொல்லிலும் ஒன்று தெரியவில்லை. தொகையீட்டுக்குள் இருக்கும் 48 என்பது பணத்தொகை அல்ல, ‘ஆண்டுக்கு இத்தனை லட்சம்’ என்ற வீதம். அதைச் சிறு காலத் துண்டால் பெருக்கிய பிறகுதான் அது பணமாகிறது. ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 48 லட்சத்தை 365ஆல் வகுத்தால் 13,151 ரூபாய். பத்தாம் ஆண்டின் முடிவில் வரும் அந்த ஒரு நாள் பணத்துக்கு, நூலின் வட்டியில், இன்று 4,838 ரூபாய்தான் மதிப்பு. இப்படி ஒவ்வொரு நாளின் துண்டையும் சுருக்கிக் கூட்டுகிறோம்; அந்தத் துண்டை இன்னும் நுணுக்கினால் தொகையீடு. வீதம் என்பது மனத்தில் நிற்காத மாணவர்கள், மாதத்துக்கு 4 லட்சம் என்று கொடுத்தால் 4ஐ அப்படியே இட்டு, காலத்தை ஆண்டில் வைத்து, பன்னிரண்டில் ஒரு பங்கை விடையாகத் தருவார்கள்.

இதைத் தமிழ் நாளிதழ் படிக்கும் எவரும் அறிவார்கள். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்றும், நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. என்றும் அன்றாடம் அச்சாகிறது. வரத்து வீதம், இருப்பு தொகை. ஆகவே ‘பணவரத்து’ என்று வைத்தால் என்ன?

தமிழாசிரியர்:

வரத்து நல்ல தமிழ், வரத்துக்கால் என்று உழவர் சொல்வதுதான். ஆயினும் வீதம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் குறளுக்கே வலு கூடியது. ‘அளவிட்டிது’, ‘அகலா’ என்ற சொற்களைப் பாருங்கள். குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வள்ளுவர் பேசவில்லை. வாய்க்கால் எவ்வளவு குறுகியது, எவ்வளவு விரிந்தது என்று பேசுகிறார். அது வீதம் அல்லாமல் வேறென்ன? வருவாய் என்பதிலும் ‘வாய்’ வழியைக் குறிக்கிறது. பணம் வரும் வாய்க்கால் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

ஐயாவின் உரை இனிமையானது. ஆனால் தேர்வில் ‘ஆகாற்றின் நிகழ்கால மதிப்பைக் காண்க’ என்று எழுதினால் என் மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ‘வரத்து’ சந்தைக்குத் தக்காளி வருவதையும் குறிக்கும். பாய்ச்சலை நான் கைவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

தமிழ்நாட்டில் பாய்ச்சல் என்றதும் புலிதான் நினைவுக்கு வரும், பொறுத்தருள வேண்டும்.

வீதம் பற்றிக் கணிப்பாளர் ஐயா எழுதியதைப் படித்ததும் என் படியில் இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. மூலத்தில் இரண்டு அடைமொழிகள் இருந்தன. ஒன்று, இடைவெளியின்றி வருவது; மற்றொன்று, ஏறாமல் இறங்காமல் வருவது. இரண்டையும் ‘தொடர்ச்சியான’ என்றே எழுதிவிட்டேன். அடுத்த கணக்கில் சூரியத் தகடுகள் ஆண்டுக்கு அரை விழுக்காடு தேய்கின்றன என்று வருகிறது. அங்கே வருவாய் தொடர்ச்சியானது, ஆனால் சீரானது அல்ல. அடுக்கில் 0.10க்குப் பதில் 0.105 வந்து, விடை 424 லட்சமாகக் குறைகிறது. இனி முதல் கணக்கு ‘சீரான, தொடர்ச்சியான பணவரத்து’. இரண்டாவது ‘தேயும் தொடர்ச்சியான பணவரத்து’. மதிப்புக்கு ‘நிகழ்கால மதிப்பு’ என்றே வைக்கிறேன், அதை யாரும் மறுக்கவில்லை. 10 விழுக்காடு எந்த வட்டி என்பதைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

கணக்காளர்:

பணவரத்துக்கு என் ஒப்புதல். எங்கள் ஏட்டில் ‘வரவு’ என்பது வந்து சேர்ந்த தொகை. வரத்து வேறு என்று ஊழியர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். இரண்டு மாதத் தாமதத்தையும் ஒரு பயிற்சிக் கணக்காகச் சேர்க்க முடியுமா?

மொழிபெயர்ப்பாளர்:

பக்கம் நிரம்பிவிட்டது, ஆனாலும் சேர்க்கப் பார்க்கிறேன். ‘வட்டியின் விசை’ என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. இயற்பியல் விசையோடு மோதுகிறதே என்று தயங்குகிறேன். வியாழன் மாலைக்குள் வேறு சொல் வராவிட்டால் அப்படியே போகும்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மை வரத்து என்கிறது, சரி. சொல்லடைவில் பணவரத்துக்கு எதிரே ‘ஆகாறு’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள் அம்மா. விசைக்குப் பதிலாக ‘உந்து’ என்பதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.