46.2% என்றால் "பெரும்பான்மை" எழுதலாமா? மத அட்டவணையை விவரிப்பதில் உதவி தேவை

கயல்:
வணக்கம். முதுகலை ஆய்வேட்டின் முடிவுகள் இயலில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். கிறித்தவர் 46.2, மதம் இல்லை 37.2, முஸ்லிம் 6.5, இந்து 1.7, சீக்கியர் 0.9, பௌத்தர் 0.5, யூதர் 0.5, பிற 0.6, பதில் அளிக்காதோர் 6.0. எல்லாம் விழுக்காடு.

அதன் கீழே நான் எழுதியது இது: "பெரும்பான்மையான மக்கள் (46.2%) கிறித்தவர்கள். 2011இல் 59.3% ஆக இருந்த கிறித்தவம் 13.1% குறைந்துள்ளது. லட்சக்கணக்கானோர் மதத்தைக் கைவிட்டு நாத்திகர்களாகியுள்ளனர்."

நெறியாளர் மூன்று வாக்கியத்தையும் சிவப்பில் வட்டமிட்டு, ஒரு சொல்கூட எழுதாமல் திருப்பித் தந்துவிட்டார். போதாததற்கு, கூட்டினால் 100.1 வருகிறது. எங்கே தப்பு?

எண்காரன்:
100.1 தப்பே இல்லை. ஒவ்வொரு எண்ணையும் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் இப்படித்தான் வரும். அட்டவணைக்கு அடியில் ஒரு வரிக் குறிப்பு போதும். தயவுசெய்து எந்த எண்ணையும் தட்டிக்கொட்டி 100 ஆக்காதீர்கள். இருப்பதிலேயே பெரிய குழு என்பதால் "பெரும்பான்மை" சரிதான். கை வர்க்கச் சோதனை போட்டு "குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது" என்று எழுதுங்கள், நெறியாளர் அடங்கிவிடுவார்.

பழைய பேனா:
முதல் பாதி சரி, எண்காரன். மற்றதில் உடன்பாடில்லை. பாதியைத் தாண்டினால்தான் பெரும்பான்மை. இங்கே "மிகப் பெரிய குழு" என்பதே பொருந்தும். சோதனையும் வேண்டாம். இது மாதிரி எடுத்துச் செய்த ஆய்வல்ல, கணக்கெடுப்பு. ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோரின் பதிலில் எந்தச் சிறு வேறுபாடும் "குறிப்பிடத்தக்கது" என்றுதான் வரும், அதனால் புதிதாக ஒன்றும் தெரியாது.

கயல், இரண்டாவது வாக்கியத்தில் 13.1 என்பது விழுக்காடு அல்ல, விழுக்காட்டுப் புள்ளி. 59.3இலிருந்து 46.2க்கு இறங்கியதை விழுக்காடாகச் சொன்னால் சுமார் 22% சரிவு. தலை எண்ணிக்கையோ 3.33 கோடியிலிருந்து 2.75 கோடி, அதாவது ஏறக்குறைய 17% குறைவு. மூன்றும் உண்மை, ஆனால் மூன்றும் வேறு. எதைச் சொல்கிறீர்கள் என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். தவிர, குறைந்தது கிறித்தவம் அல்ல, தம்மைக் கிறித்தவர் எனக் குறித்தவர்களின் பங்கு.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். உங்களிடம் இருப்பவை பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள். நடுவில் இறந்தவர்கள், பிறந்தவர்கள், குடியேறியவர்கள், வெளியேறியவர்கள் உண்டு. ஒரே ஆள் பதிலை மாற்றினாரா என்று இந்த அட்டவணையால் சொல்லவே முடியாது. "மதம் இல்லை" என்று குறித்தவர் எல்லாரும் நாத்திகருமல்ல. எந்த மதத்தையும் சாராமல் கடவுளை நம்புபவரும் அதே கட்டத்தில்தான் குறியிடுவார்.

மல்லிகா:
எனக்கும் இதே தலைவலி! என் கேள்வித்தாளில் இருநூறு பேர், அதில் மூன்றே பேர் பௌத்தர். 1.5% என்று எழுதவா, "பிற"வில் சேர்க்கவா?

பழைய பேனா:
மல்லிகா, உங்களுடையது மாதிரி ஆய்வு, அது வேறு கதை. அங்கே "3 பேர்" என்று எண்ணையே எழுதுங்கள். தசமம் போட்டால், இல்லாத துல்லியம் இருப்பதுபோலத் தோன்றும். ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்றால் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

கயல்:
ஐயா, திருத்திப் பார்த்தேன்: "2021 கணக்கெடுப்பில் மொத்த மக்களில் 46.2% பேர் தம்மைக் கிறித்தவர் எனக் குறித்தனர். குறிக்கப்பட்டவற்றில் இதுவே மிகப் பெரிய குழு. இப்பங்கு 2011ஐ விட 13.1 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. 'மதம் இல்லை' எனக் குறித்தோர் பங்கு 25.2%இலிருந்து 37.2% ஆனது. விருப்பக் கேள்வியான இதற்கு 6.0% பேர் பதிலளிக்கவில்லை."

பழைய பேனா:
இது நிற்கும். "மொத்த மக்களில்" என்ற சொற்கள்தான் உயிர்.

எண்காரன்:
பெரும்பான்மை விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதில் சொல்லாதவரை எதற்குச் சுமக்க வேண்டும்? அவர்களை விட்டுவிட்டுப் பதிலளித்தோரை மட்டும் கணக்கிட்டால் கிறித்தவர் பங்கு சுமார் 49%.

பழைய பேனா:
செய்யலாம். அப்போது 2011க்கும் அதே கணக்கு வேண்டும், அது சுமார் 64%. ஒரு ஆண்டுக்கு மொத்த மக்கள், இன்னொரு ஆண்டுக்குப் பதிலளித்தோர் என்று கலந்தால் ஒப்பீடே பொய். விடுவதிலும் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது: வாய் திறக்காதவர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதனால் நான் அந்த வரிசையை அட்டவணையில் வைப்பேன்.

எண்காரன்:
நான் விட்டுவிடுவேன், அடிக்குறிப்போடு.

கயல்:
நெறியாளரிடமே கேட்கிறேன். இந்த முறை வாயால் சொல்லச் சொல்லி.