பொருள்: 'பேக்கிரவுண்டர்' – தமிழில் ஒரு சொல், வெள்ளிக்குள்

இதழியல் ஆசிரியை:
அன்பர்களே, பயிற்சிக் கையேட்டின் ஓர் அத்தியாயம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இன்றைய செய்திக்குச் சொந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைத் துழாவி முன்கதை சேர்க்கிறோம். சேர்க்கும்போதே பழைய தகவல்களை மறுபடி சரிபார்க்கிறோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும். 'பின்னணிக் குறிப்பு' என்றால் சரிபார்ப்பு விட்டுப்போகிறது, மாணவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

பொறியாளர்:
பின்னணி போதுமே, அக்கா. நம் பத்திரிகையிலேயே அச்சானதை ஏன் சந்தேகப்பட வேண்டும்? மேட்டூர் அணை நிரம்பினால் போன தடவைச் செய்தியை எடுத்து, எத்தனையாவது முறை நிரம்பியது என்ற எண்ணிக்கையில் ஒன்று கூட்டினால் முடிந்தது.

ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்:
அந்த ஒன்றைக் கூட்டுவதில்தான் பிழை நுழைகிறது, தம்பி. 2022 ஜூலையில் அணை 120 அடியைத் தொட்டபோது 42வது முறை என்று செய்தி வந்தது. 2024 ஜூலை 30இல் 43. 2025 ஜூன் 29இல் 44. 'முறை' என்று எழுதினாலும் இது அணை நிரம்பிய ஆண்டுகளின் கணக்கு. 2025இல் நீர்மட்டம் இறங்கி அதே ஆண்டில் மறுபடியும் மறுபடியும் நிரம்பியது. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டியிருந்தால் எண் எங்கேயோ போயிருக்கும். அடுத்த ஆண்டு வருகிறவர் அதையே எடுத்து மேலும் ஒன்று கூட்டுவார். கட்டிங்குகளை ஆண்டுவாரியாக அடுக்கினால் பிழை தெரிந்துவிடும்: ஒரே ஆண்டுக்குள் எண் ஏறியிருந்தால் அங்கே நிறுத்தி, நீர்வளத் துறையின் பதிவைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, 'நேற்று'. ஜூலை 31 இதழில் 'நேற்று நிரம்பியது' என்றிருக்கும். இதழின் தேதியை நிகழ்ந்த தேதியாக எடுத்துப் போடுகிறவர்கள் ஏராளம்.

நூலகர்:
மைக்ரோபிலிமைக் கணினியில் ஏற்றுவதற்குத்தானே கேட்கிறீர்கள்? 'எண்மமாக்கம்' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. எங்களிடம் உள்ள சிக்கல் வேறு. 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய இதழ்களில் 'ணை' பெரும்பாலும் பழைய கொம்பு வடிவில் இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் அதைத் தவறாகப் படிக்கும். 'அணை' என்று தேடினால் அந்தக் காலச் செய்தி பல அகப்படாது. 'மேட்டூர்' என்று தேடுங்கள்.

புலவர்:
சொல்லுக்கு வருவோம். பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பாருங்கள். சுந்தரராகிய ஆரூரர் தனக்கு அடிமை என்று முதியவர் வடிவில் வந்த சிவபெருமான் வழக்காடுகிறார். வழக்குக்கு ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூன்றில் ஒரு சான்று கேட்கிறார்கள். ஆரூரர் கிழித்தது நகலான படியோலை. மூல ஓலையை அவையில் காட்டியதும், ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து ஒப்புநோக்குகிறார்கள். நீங்கள் சொல்லும் வேலை அப்படியே இதுதான். 'காப்பொப்பு' என்று வைக்கலாம்.

பொறியாளர்:
காப்பொப்பு என்றால் காவல்துறை வேலைபோல இருக்கிறது, ஐயா. மாணவருக்கு ஒரு தடவையில் விளங்க வேண்டாமா? 'பின்புலச் சரிபார்ப்பு' என்றே வைக்கலாம்.

ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்:
அது பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் ஆளை விசாரிப்பதாகப் போய்விடும். புலவர் ஐயாவின் ஒப்புநோக்கு எனக்குப் பிடித்திருக்கிறது; ஏனென்றால் பழைய எண் சரியாக இருந்தும் இன்றைக்குப் பொருந்தாமல் போவதுண்டு. 1980களின் செய்தியில் 'தஞ்சை மாவட்டத்தில் இத்தனை ஏக்கர் குறுவை' என்றிருக்கும். அன்றைய தஞ்சையில் இன்றைய நாகப்பட்டினமும் திருவாரூரும் மயிலாடுதுறையும் அடக்கம். 1991இல்தான் பிரிவினை தொடங்கியது. இன்றைய தஞ்சை எண்ணை அதன் பக்கத்தில் வைத்தால் சாகுபடி சரிந்துவிட்டதாகத் தோன்றும். வெறும் சரிபார்ப்பில் இது அகப்படாது. பழைய செய்தியில் ஒரு பிழையும் இல்லையே.

நூலகர்:
எங்கள் ஊரில் தாத்தாவின் கடை தீப்பிடித்த செய்தியில் பக்கத்துக் கடைக்காரர் பெயர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் திருத்தம் போட்டார்கள். இன்றைக்கும் தேடினால் முதல் செய்திதான் வருகிறது. திருத்தம் தனியாக எங்கோ கிடக்கிறது. கையேட்டில் அதையும் எழுதுங்கள்: செய்தி கிடைத்ததும் அடுத்த ஒரு வாரத்து இதழ்களையும் புரட்ட வேண்டும்.

புலவர்:
'ஆவணம்' என்றால் சிலப்பதிகாரக் காலத்தில் கடைத்தெரு. ஆகவே 'ஆவணக் காப்பகம்' என்பதையே நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன், தனியே எழுதுகிறேன்.

இதழியல் ஆசிரியை:
நேரமில்லை, ஐயா. 'பழஞ்செய்தி ஒப்புநோக்கு' என்று போடுகிறேன். முன்கதை எழுதுவதும் இதில் அடங்கும் என்று முதல் பத்தியில் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். மேட்டூர் எண்ணிக்கையும் தஞ்சை ஏக்கரும் பயிற்சிக் கேள்விகளாக வருகின்றன.

பொறியாளர்:
கேள்விகள் நன்று, அக்கா. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்புநோக்கு என்றால் இரண்டை வைத்துப் பார்ப்பது. முன்கதை எழுதுவது அதில் எங்கே இருக்கிறது? அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.