கதிரடிக்கிற கை: ஸ்மியரா, மல்டிபிள்ஸா, வெறும் பிளரா?

குடமுருட்டி:
ஒரு பெரியவர் களத்துல கதிரடிக்கிற ஷாட். பிளெண்டர்ல, சைக்கிள்ஸ் ரெண்டரர், செகண்டுக்கு 24 ஃபிரேம். 10-ல கட்டு தலைக்குப் பின்னால, 12-ல கல்லு மேல. நடுவுல 11 ஒண்ணுதான். ஓட்டிப் பாத்தா கை இங்கேருந்து அங்க தாவுது, வீசின மாதிரியே இல்ல. `Shutter` 0.5-ஐ 1 ஆக்கினேன், கை புகையாப் போச்சு. ஒரு ஃபிரேம்ல கையையே இழுத்து நீட்டி ஸ்மியர் போடவா, நாலஞ்சு கை வெச்சு மல்டிபிள்ஸ் பண்ணவா?

வெண்ணாறு:
ரெண்டும் வேணாம் தம்பி. 1942-ல சக் ஜோன்ஸ் ‘தி டோவர் பாய்ஸ்’ கார்ட்டூன்ல ஸ்மியர் போட்டாருன்னா, கையால வரையறப்ப கேமரா பிளர் கிடைக்காது, அதனால போட்டாரு. உனக்கு ரெண்டரரே பிளர் தருது. மொதல்ல உன் டைமிங்கைப் பாரு. யாராவது கதிரடிக்கறதைப் போன்ல எடுத்து எண்ணிப் பாரு, கட்டு கீழ வர ரெண்டு ஃபிரேம்தானா ஆவுது? இன்னும் மூணு ஃபிரேம் குடு, `Steps`-ஐ 3-க்கு ஏத்து, தானா சரியாயிடும்.

அரசலாறு:
டைமிங் பத்தி வெண்ணாறு சொல்றது பாதி நியாயம். நெசமா அடிக்கிறவங்க இவ்வளவு வேகமா அடிக்க மாட்டாங்க. ஆனா குடமுருட்டி போன மாசம் போட்ட பெரியவர் படத்தைப் பாத்தேன், தலை பூசணிக்கா சைஸு, கால் குச்சி. அந்த உடம்புக்கு அஞ்சு ஃபிரேம் குடுத்தா கட்டு தண்ணிக்குள்ள இறங்கற மாதிரி இருக்கும்.

ஏன் தாவுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. தோள்லேருந்து கட்டோட நுனி வரைக்கும் 1.2 மீட்டர்னு வைங்க. 150 டிகிரி சுத்துது, அப்ப நுனி போற தூரம் 3 மீட்டருக்கு மேல. ரெண்டு ஃபிரேம்ல அதைக் கடக்குது, ஃபிரேமுக்கு ஒன்றரை மீட்டர். `Shutter` 0.5-னா அதுல பாதிதான் பதியும். முக்கால் மீட்டர் கோடு, முக்கால் மீட்டர் வெறும் இடம். கண்ணு அந்த வெறும் இடத்தைத்தான் தாவலாப் பாக்குது. 1-க்கு ஏத்தினா இடைவெளி போயிடும், ஆனா பாதை பூரா ஒரே அளவு மங்கலாயிடும். கை இப்ப எங்க இருக்குன்னு சொல்ல கெட்டியா ஒரு ஓரம் இருக்காது. அதுதான் உங்க புகை.

`Steps` ஏத்தினா பிளர் துண்டு துண்டு நேர்கோடா இல்லாம வளைவா வரும், உண்மைதான். இந்த ஷாட்ல அதனால மாறப்போறது அதிகம் போனா சில செ.மீ.தான். தாவலுக்கு அது மருந்தில்ல.

ஸ்மியர் போடுங்க, 11-ல மட்டும். நான் பண்றது இப்படி: கையையும் கட்டையும் சேத்து ஒரு லாட்டிஸ்ல, அதாவது புள்ளியை இழுத்தா உள்ள இருக்கறதும் வளையற கூண்டுல, அடைப்பேன். மாடிஃபையர் அடுக்குல லாட்டிஸ் ஆர்மேச்சருக்குக் கீழ இருக்கணும். மேல இருந்தா போஸ் எடுக்காத கையைப் போய் இழுக்கும், எங்கயோ கொண்டு விடும். 11-ல முஷ்டியை நடுவுல வெக்காதீங்க, பாதையில மூணுல ரெண்டு பங்கு தள்ளி வைங்க. அப்புறம் லாட்டிஸுக்கு ஒரு ஷேப் கீ போட்டு, பின்வரிசைப் புள்ளிகளை மட்டும் 10-ல கை இருந்த பக்கமா இழுங்க. முன்னோரம் கெட்டி, வால் மெலிசு. தோள் அசையவே கூடாது, நுனிக்குப் போகப்போக விசிறி மாதிரி விரியணும்.

நெறைய பேர் தடுக்கி விழறது ஒரே எடத்துலதான்: எலும்பை நேரா நீட்டி விட்டுடறாங்க. அப்ப கை வீசின மாதிரி இருக்காது, ரப்பர் குழாய் நீண்ட மாதிரி இருக்கும். வால் அந்த வட்டத்தை ஒட்டியே வளையணும். ஷாட் கேமராவுலேருந்து பாத்தே இழுங்க, வேற பக்கத்துலேருந்து பாத்தா அசிங்கமா இருந்தா கவலைப்படாதீங்க.

கடைமடை:
நான் மல்டிபிள்ஸ் கட்சி. திருவாரூர் தேரோட்டத்துக்கு ஒரு தவில்காரர் பண்ணினேன். வலந்தலைக் கைக்கு அஞ்சு காப்பி வெச்சேன், பிரமாதமா வந்துச்சு. எடக்கை குச்சிக்கும் அதே. கதிரடிக்கும் அதையே பண்ணுங்க, லாட்டிஸ் கீட்டிஸ்னு எதுக்கு மல்லுக்கட்டணும்?

அரசலாறு:
அண்ணே, உங்களுக்கு சரியா வந்ததுக்குக் காரணமே தவில்தான். விரல் ஒரே எடத்துல போய் வந்து போய் வந்து அடிக்குது. அங்க ஸ்மியர் போட்டா எந்தப் பக்கம் இழுப்பீங்க? ஒரே நேரத்துல அஞ்சு விரல் தெரிஞ்சா ‘அடி நிக்கல’ன்னு கண்ணு புரிஞ்சுக்கும். கதிரடி ஒரு வழிப் பாதை. அங்க அஞ்சு கை வெச்சா, பெரியவருக்கு அஞ்சு கைன்னுதான் தெரியும். வெச்சே ஆகணும்னா ரெண்டு போதும், அதுவும் வாலுக்குப் பின்னால, கை முழுசா இல்லாம முஷ்டியும் கட்டும் மட்டும்.

கடைமடை:
அஞ்சு கை சாமிக்கு இருந்தா கும்பிடறோம், பெரியவருக்கு இருந்தா கூடாதா? 😄 சரி, ஒத்துக்கறேன்.

குடமுருட்டி:
லாட்டிஸ் போட்டுட்டேன் அண்ணே. வியூபோர்ட்ல அள்ளுது. ஆனா ரெண்டர்ல 11 சரியில்ல, ஏதோ துடைச்ச மாதிரி ஒரு கோடு. 12-ல கட்டு கல்லுல பட்ட பிறகும் ஸ்மியரோட ஆவி பக்கத்துலயே நிக்குது. ஷேப் கீயும் கையோட கீயும் அடுத்த கீ வரைக்கும் அப்படியே நிக்கற கான்ஸ்டன்ட்லதான் இருக்கு.

அரசலாறு:
மோஷன் பிளர் ஆன்ல, `Position` அது பாட்டுக்கு `Center on Frame`-ல இருக்கும். `Shutter` 0.5-ன்னா 12-ஐ எடுக்க 11.75-லேயே கண்ணைத் தொறக்குது. கான்ஸ்டன்ட் கீ 12 வரைக்கும் ஸ்மியரைத்தான் பிடிச்சிருக்கும். அதனால 12-க்குள்ள பாதி நேரம் ஸ்மியரும் பாதி நேரம் அடியும் சேந்து பதியுது. `Start on Frame` ஆக்குங்க. அப்ப 12.0-லேருந்து 12.5 வரைக்கும்தான் பாக்கும், அங்க ஒரே போஸ்தான் இருக்கு.

ஆனா அது சீனுக்கே மாறும். இதே ஷாட்ல வேற லேயர் எதையாவது பழைய அமைப்புல ஏற்கெனவே ரெண்டர் பண்ணி வெச்சிருந்தா, கால் ஃபிரேம் தள்ளி நிக்கும். அதையும் திரும்ப எடுத்துடுங்க.

வெண்ணாறு:
பாத்தீங்களா, ஒரு ஃபிரேமுக்காக சீனையே மாத்தறீங்க. இப்ப வெயில் மேலேருந்து விழுது. அந்த விசிறிக் கை களத்துல என்ன நிழல் போடும்? நெல்லு மேல முறம் அளவுக்கு ஒரு கருப்புத் திட்டு, ஒரே ஒரு ஃபிரேம். அது பளிச்சுன்னு கண்ணுல குத்தும்.

அரசலாறு:
அந்த ஆட்சேபணை சரி. `Ray Visibility`-ல `Shadow`-வை எடுத்துடலாம்.

வெண்ணாறு:
எடுத்தா ஆளோட நிழல்ல ஒரு ஃபிரேம் கை காணாமப் போகும். அதுவும் அடி விழறதுக்கு நேர் முந்தின ஃபிரேம்ல. கை தனி ஆப்ஜெக்டா இல்லாட்டி ஆளோட நிழலே முழுசாப் போயிடும்.

குடமுருட்டி:
கை தனி ஆப்ஜெக்ட் இல்ல, உடம்போடதான் இருக்கு. `Start on Frame` போட்டதும் ஆவி போயிடுச்சு, 12 சுத்தமா இருக்கு. நிழலுக்கு ஸ்மியர் இல்லாத ஒரு காப்பி உடம்பு வெச்சு, அதைக் கேமராவுக்கு மறைச்சு, நிழல் மட்டும் போட விடலாம்னு பாக்கறேன். கையில கட்டியிருக்கற கறுப்புக் கயிறு மட்டும் 11-ல பாம்பு மாதிரி நீண்டுடுச்சு. அதை விடறதா, மறைக்கறதா?

கடைமடை:
விடு தம்பி, அது நல்லாத்தான் இருக்கும்.

வெண்ணாறு:
மறை.